ஆறு வாரத்துக்கு வருபவருக்கு இரண்டு பக்கம்: பணிக்குறிப்பு எழுதுவது எப்படி?

ஒரு நிறுவனத்துக்கு ஆறு வாரம் மட்டும் வேலை பார்க்க ஒருவர் வருகிறார். திங்கட்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு நான்கு கேள்விகள் எழும். என்ன செய்து முடிக்க வேண்டும்? எதையெல்லாம் திறந்து பார்க்கலாம்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? எதில் கை வைக்கக் கூடாது? இந்த நான்குக்கும் பதிலை எழுதி, அவர் வருவதற்கு முன்பே தயாராக வைத்திருக்கும் தாளைத்தான் பணிக்குறிப்பு என்கிறோம்.

ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் சம்பளம், காலம், ரகசியம் காப்பது, தகராறு வந்தால் என்ன செய்வது என்பவை இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. பணிக்குறிப்பு தினமும் மேஜை மேல் கிடக்கும் தாள். நிரந்தரமாகச் சேர்பவர் மூன்று மாதம் பக்கத்து மேஜைக்காரருடன் டீ குடித்தே இதையெல்லாம் தெரிந்துகொள்வார். ஆறு வாரத்துக்கு வருபவருக்கு அந்த அவகாசம் இல்லை.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது. எனக்குப் பழக்கமான ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி, பிரைவேட் லிமிடெட். நூல் வாங்குகிறார்கள், நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். 2024-25 நிதியாண்டில் வந்த கொள்முதல் பில்கள் சுமார் 1,800 என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டுமென்றால், விற்றவர் அந்தப் பில்லைத் தன் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் ஏற்றியிருக்க வேண்டும். அது நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்து நிற்க வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அலுவலகத்துக் கணக்காளருக்கு அன்றாட வேலையே சரியாக இருக்கிறது. அதனால் 2025 அக்டோபர் 6 முதல் நவம்பர் 14 வரை, ஆறு வாரத்துக்கு, வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுகிறார்கள்.

இந்தத் தேதிகளுக்குக் காரணம் இருக்கிறது. குறிப்பின் முதல் பத்தியிலேயே அந்தக் காரணத்தை எழுத வேண்டும். ஒரு நிதியாண்டின் இன்புட் கிரெடிட்டை அடுத்த நவம்பர் 30 வரை எடுக்கலாம். அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அதுவரைதான். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் அக்டோபர் மாதத்து ஜிஎஸ்டிஆர்-1-ஐ நவம்பர் 11-க்குள் போட வேண்டும். அதை வைத்து நமது 2பி 14-ஆம் தேதி உருவாகும். அந்தக் கிரெடிட்டை எடுத்து வரி கட்டும் மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் 20-ஆம் தேதி. ஆகவே விட்டுப்போன பில்லை விற்றவர் நவம்பர் 11-க்குள் ஏற்றவில்லை என்றால், அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். வருபவருக்கு நவம்பர் 14 கடைசி நாளாகத் தெரிந்தாலும், உண்மையான கடைசி நாள் 11. இடையில் அக்டோபர் 20 தீபாவளி. பண்டிகையையொட்டிப் பல நாட்களுக்குப் பட்டறைகள் பூட்டிக் கிடக்கும், போன் எடுக்க ஆள் இருக்காது. இதைச் சொல்லாமல் "ஆறு வாரத்தில் முடித்துக் கொடுங்கள்" என்றால், அவர் ஐந்து வாரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆறாவது வாரத்தில் விற்றவர்களைக் கூப்பிடத் தொடங்குவார். அவர் மேல் தப்பில்லை.

வேலை எப்போது முடிந்தது?

வேலைப் பகுதியில் பெரும்பாலோர் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: "2பி-யைச் சரிபார்த்து வேறுபாடுகளைச் சரிசெய்தல்." இந்த வரியை மூன்று பேர் மூன்று விதமாகப் படிப்பார்கள். ஒருவர் பட்டியல் கொடுத்தால் போதும் என்று நினைப்பார். இன்னொருவர் டேலியில் இறங்கித் திருத்துவார். மூன்றாமவர் விற்றவர்களுக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பார். "சரிபார்", "கவனி", "உதவு" போன்ற சொற்களைக் கண்டால் அடித்துவிட்டு, வேலை முடிந்ததும் மேஜை மேல் என்ன இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

எங்கள் உதாரணத்தில் அது இப்படி வரும்:

> ஒரே எக்செல் கோப்பு. கொள்முதல் பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் இந்த ஐந்தில் ஒன்றில் இருக்க வேண்டும்: பொருந்துகிறது, பில் எண் அல்லது தேதி மட்டும் வேறு, தொகை வேறு, 2பி-யில் இல்லை, நம்மிடம் இருமுறை ஏறியிருக்கிறது. வரித்தொகையில் ஒரு ரூபாய் வரை வித்தியாசம் இருந்தால் பொருந்துகிறது என்றே கொள்ளலாம். 2பி-யில் இருந்து நம் பதிவேட்டில் இல்லாத பில்கள் தனித் தாளில். "2பி-யில் இல்லை" பட்டியலில் உள்ள ஒவ்வொரு விற்பனையாளருக்கும் அக்டோபர் 17-க்குள் முதல் மின்னஞ்சல் போயிருக்க வேண்டும்.

ஒரு ரூபாய் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். அதை எழுதாவிட்டால், பைசா முழுமையாக்கியதால் வந்த வித்தியாசங்களைத் தேடியே ஒரு வாரம் போய்விடும். பில் எண்ணிலும் இப்படித்தான். விற்றவர் "0117/24-25" என்று ஏற்றியிருப்பார், நம் அலுவலகத்தில் "117" என்று அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். வெளியிலிருந்து வருபவருக்கு அதைச் சொன்னால்தான் தெரியும். இதுபோல அலுவலகத்தார் "இதுகூடவா தெரியாது" என்று நினைக்கும் நான்கைந்து வழக்கங்களைத் தேடி எழுதுவதுதான் இந்தப் பகுதியின் உழைப்பு.

எந்தெந்த மாதத்து 2பி வேண்டும் என்பதும் அப்படி ஒன்று. 12 மாதம்தானே என்று 12 கோப்புகளை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மார்ச் பில்லை மே மாதத்தில் ஏற்றியவர்கள் இருப்பார்கள்; ஆகஸ்டில் ஏற்றியவர்களும் இருப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் 2025 ஆகஸ்ட் வரை 17 கோப்புகள் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். பதினெட்டாவது, செப்டம்பர் மாதத்தினுடையது, அக்டோபர் 14-ஆம் தேதி வரும். அதை யார் எடுத்துக் கொடுப்பார் என்றும் எழுதுங்கள்.

எதைத் திறக்கலாம்

அனுமதி கொடுக்கும்போது நாம் வழக்கமாக எண்ணுவது: "இவருக்கு எந்தெந்த பாஸ்வேர்டு வேண்டியிருக்கும்?" இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். மேலே எழுதிய வேலையின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, "இதைச் செய்ய எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

ஜிஎஸ்டி போர்ட்டலையே எடுத்துக்கொள்வோம். 2பி அங்கேதான் இருக்கிறது, ஆகவே லாகின் கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2பி-யை எக்செல் கோப்பாக இறக்கலாம். கணக்காளர் அரை மணி நேரம் செலவழித்தால் 17 கோப்புகளையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டுவிடலாம். வருபவருக்கு லாகினே தேவையில்லை. லாகினைக் கொடுத்தால் அதோடு வேறு சிலவும் கூடவே போகும். 2024 அக்டோபரிலிருந்து போர்ட்டலில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறது. விற்றவர் ஏற்றிய பில்லை ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிறுத்தி வைக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நிராகரித்தால் அந்தப் பில்லின் கிரெடிட் 2பி-யில் வராது. நல்லெண்ணத்தோடு, "இந்தப் பில் நம் பதிவேட்டில் இல்லையே" என்று ஒருவர் நிராகரித்துவிட்டால், அது கணக்காளர் இன்னும் பதிவு செய்யாத பில்லாக இருந்துவிடலாம். பட்டியல் தயாரிக்க வந்தவர் கையில் அந்த பட்டன் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

டேலியில் அவருக்கென்று தனிப் பயனர் பெயர் வேண்டும். பதிவேடுகளையும் வவுச்சர்களையும் பார்க்கலாம், எக்செல்லாக எடுக்கலாம். திருத்தவோ நீக்கவோ முடியாது என்று பாதுகாப்பு நிலையை அமைக்கலாம். "கணக்காளரின் லாகினிலேயே போய்க்கொள்ளட்டும்" என்று விடுவது எங்கும் நடக்கிறது. அதனால் என்ன கெடும் என்று பார்ப்போம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே போனால், அந்தப் பதிவைப் பார்த்து யார் மாற்றியது என்று சொல்ல முடியாது. ஆடிட்டர் கேட்கும்போது, ஆறு வாரம் வந்துபோனவர் செய்ததற்கும் செய்யாததற்கும் கணக்காளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இருவரில் யாருக்குமே அது நியாயமில்லை.

இரட்டைப் பதிவு கண்ணில் பட்டால்? வருபவர் பட்டியலில் எழுதுவார், கணக்காளர் டேலியில் திருத்துவார். கொஞ்சம் மெதுவாக நடக்கும், பரவாயில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும் என்று கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டரில் எனிடெஸ்க் போட்டு, யாரும் அனுமதிக்காமலேயே எப்போது வேண்டுமானாலும் நுழையும்படி ஒரு நிலையான பாஸ்வேர்டு வைத்துவிடுவார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டிஎஸ்சி டோக்கன் செருகியே கிடக்கும். அதன் ரகசிய எண் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். கம்பெனிகள் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வது அந்தக் கையெழுத்தால்தான். ஒப்பிட்டுப் பார்க்க வந்தவருக்கு, யாரும் யோசிக்காமலேயே, இயக்குநரின் கையெழுத்தைப் போடும் வசதியைக் கொடுத்தாயிற்று. வருபவர் நேர்மையானவர் என்பது வேறு விஷயம். நாளைக்கு ஏதாவது நடந்தால், "நான் தொடவில்லை" என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இருக்காது. தொலைவிலிருந்து வேலை என்றால் வேறொரு கம்ப்யூட்டரைக் கொடுங்கள். டோக்கன் பூட்டிய டிராயரில் இருக்கட்டும்.

அனுமதிப் பகுதி கடைசியில் இப்படிச் சுருங்கிவிடும்:

> டேலி: உங்கள் பெயரில் தனிப் பயனர். பார்க்கலாம், எக்செல்லாக எடுக்கலாம். கொடுத்தவர்: கணக்காளர். தொடக்கம் 6 அக்டோபர், முடிவு 14 நவம்பர் மாலை 6.
> பகிர்ந்த ஃபோல்டர்: 2பி கோப்புகள், பில் ஸ்கேன்கள். உங்கள் கோப்பையும் இங்கேயே சேமிக்கவும். முடிவு 14 நவம்பர்.
> கம்பெனி மின்னஞ்சல்: கொள்முதல் விசாரணைக்கான தனி முகவரி. விற்பனையாளர்களுடன் இதில் மட்டுமே எழுதவும்.
> ஜிஎஸ்டி போர்ட்டல், வங்கி, டிஎஸ்சி: இல்லை. தேவைப்பட்டால் கணக்காளர் எடுத்துத் தருவார்.

"இல்லை" என்பதையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எழுதாவிட்டால், மறந்துபோய்க் கொடுக்கவில்லை என்று நினைத்து அவர் கேட்பார். கேட்டவுடன் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். முடிவுத் தேதியை அனுமதி கொடுக்கும் அன்றே எழுதிவிட வேண்டும். கடைசி நாளில் எல்லோரும் 3பி அவசரத்தில் இருப்பார்கள், அப்போது யாருக்கும் நினைவு வராது.

யாரைக் கேட்பது

இந்தப் பகுதிக்குப் பத்துப் பேரின் போன் நம்பர் வேண்டாம். மூன்று பேர் போதும். பெயருக்குப் பக்கத்தில் பதவியை எழுதுவதைவிட, எந்தக் கேள்விக்கு அவர் என்று எழுதுங்கள். பதிவேட்டில் ஒரு வரி விளங்கவில்லை என்றால் கணக்காளர். மாலை 4 முதல் 5 வரை. சரக்கு உண்மையில் வந்ததா என்றால் ஸ்டோர் பொறுப்பாளர். பணம், விற்பனையாளருடன் உரசல், வேலையின் அளவு கூடுவது என்றால் இயக்குநர். வெள்ளிக்கிழமைகளில் 15 நிமிடம். கணக்காளர் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தால் யார்? அதையும் எழுதுங்கள். வெளியில் இருக்கும் ஆடிட்டரிடம் நேரடியாகப் பேசலாமா கூடாதா என்பதும் இங்கே வர வேண்டும்.

இன்னொன்று, இந்தத் தாளில் வராது, ஆனால் இது இல்லாமல் தாள் வேலை செய்யாது. அந்த மூன்று பேருக்கும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். முக்கியமாகக் கணக்காளருக்கு. சொல்லாமல் திடீரென்று ஒருவர் வந்து உட்கார்ந்து பழைய பில்களைக் கேட்டால், தன் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள் என்றே அவர் நினைப்பார். அப்புறம் ஒவ்வொரு பில்லுக்கும் "நாளைக்குத் தேடித் தர்றேன்" என்ற பதில்தான் வரும். பணிக்குறிப்பை எழுதும்போதே கணக்காளரை உட்கார வைத்து எழுதுவது நல்லது. பில் எண் வழக்கங்கள் அவருக்குத்தான் தெரியும். தான் எழுதிய தாளை அவர் தட்டிக்கழிக்கவும் மாட்டார்.

எல்லை

நான் முதன்முதலில் இப்படி ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் போனபோது என்னிடம் தாள் எதுவும் இல்லை. ஒரு சாயப்பட்டறைக்காரர் 11 பில்களை ஏற்றவே இல்லை. இரண்டு முறை கூப்பிட்டும் பலனில்லை. மூன்றாவது முறை, "ஏற்றாவிட்டால் உங்கள் பாக்கியை நிறுத்தி வைப்பார்கள்" என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மறுநாள் அவர் அடுத்த லாட் துணியைச் சாயத்துக்கு எடுக்க மறுத்துவிட்டார். கப்பலுக்குப் போக வேண்டிய ஆர்டர். முதலாளி நேரில் போய்ப் பேசித்தான் சரியானது. பாக்கியை நிறுத்துவதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை.

அதனால்தான் எல்லைப் பகுதியை நான் மூன்று படியாக எழுதச் சொல்கிறேன். கேட்காமலே செய்யலாம் என்பது ஒன்று, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்பது இன்னொன்று, கேட்கவே வேண்டாம், செய்யக் கூடாது என்பது மூன்றாவது. "அதிகாரத்தை மீறக் கூடாது" என்று ஒரு வரி எழுதுவது வீண். அந்த அதிகாரம் எதுவரை என்பதுதானே கேள்வி.

> கேட்காமல் செய்யலாம்: விற்பனையாளரின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புவது, போன் செய்வது, பில் நகல் கேட்பது, எந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றுவார்கள் என்று கேட்பது.
> கேட்டுச் செய்யலாம்: ஒரே விற்பனையாளரை மூன்றாவது முறை கூப்பிடுவது, வரித்தொகை ₹25,000-க்கு மேல் உள்ள பில்லை "கிடைக்காது" என்று முடிப்பது, பில் ஸ்கேன்களை ஃபோல்டருக்கு வெளியே எடுப்பது.
> செய்யக் கூடாது: பணம் கொடுப்போம், நிறுத்துவோம், கழிப்போம் என்று யாரிடமும் சொல்வது, டேலியில் பதிவு, திருத்தம், நீக்கம், எந்தக் கணக்கையும் தாக்கல் செய்வது, யார் கொடுத்தாலும் இன்னொருவரின் லாகினையோ ஓடிபி-யையோ வாங்குவது.

கடைசி வரியில் "யார் கொடுத்தாலும்" என்பது முக்கியம். அவசரத்தில் இருக்கும் இயக்குநரே "என் லாகின்ல போய் எடுத்துக்கோங்க" என்பார். அப்போது வருபவர் பணிவாகத் தாளைக் காட்டலாம். எல்லை இரண்டு பக்கத்தையும் காக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தொகையும் எண்ணிக்கையும் இருப்பதைப் பாருங்கள். "பெரிய தொகை என்றால் கேளுங்கள்" என்றால் ஒருவருக்கு ஐயாயிரம் பெரிது, இன்னொருவருக்கு ஒரு லட்சம் பெரிது. ₹25,000 என்று நான் எழுதியிருப்பது இந்த உதாரணத்துக்குத்தான். உங்கள் வியாபாரத்துக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊரைப் பொறுத்த ஓர் எல்லையும் உண்டு. திருப்பூரில் இந்த வேலைக்கு வருபவர் அடுத்த மாதம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் போட்டிக் கம்பெனிக்கும் போவார். அது அவர் தொழில், தடுக்க முடியாது. ஆனால் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்தவருக்கு, யாரிடம் கிலோ என்ன விலைக்கு நூல் வாங்குகிறோம், சாயத்துக்கு என்ன கூலி கொடுக்கிறோம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். "ரகசியம் காக்கவும்" என்று மொத்தமாக எழுதாமல், நூல் விலை, ஜாப் ஒர்க் கூலி, விற்பனையாளர் பெயர்ப் பட்டியல் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பதிவேட்டை எக்செல்லாக எடுக்கும்போது, விலைப் பத்தி இல்லாமல், பில்லின் மொத்த மதிப்பும் வரியும் மட்டும் வருமாறு எடுத்துக் கொடுக்க முடியும் என்றால் இன்னும் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கக் கிலோ விலை தேவையில்லை. அப்படிக் கொடுக்க முடிந்தால் டேலி லாகினும் வேண்டியதில்லை.

எல்லையில் இன்னொரு பக்கமும் எழுத வேண்டும்: கம்பெனி அவரிடம் என்ன கேட்காது என்பது. மூன்றாவது வாரத்தில் யாராவது வந்து, "சும்மாதானே இருக்கீங்க, இந்த டெலிவரி சலானையும் கொஞ்சம் அடிச்சுக் கொடுங்க" என்பார்கள். வெளியாள் என்பதால் மறுக்கத் தயங்குவார். நவம்பர் 11 நெருங்கும்போது 40 விற்பனையாளர்கள் பாக்கி இருப்பார்கள். "டெலிவரி சலான், பேங்க் ஒப்பீடு, நடப்பு மாதப் பதிவு இந்த வேலையில் சேராது, கூடுதலாக எதுவும் வேண்டுமென்றால் இயக்குநர் எழுத்தில் கேட்பார், தேதியும் தொகையும் அப்போது மாறும்" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

கடைசி நாள்

தாளின் அடியில் நவம்பர் 14-க்கு நான்கு வரிகள் இருக்கட்டும். எக்செல் கோப்பின் இறுதி வடிவம் ஃபோல்டரில் இருக்கிறதா என்று கணக்காளர் திறந்து பார்க்க வேண்டும். இன்னும் பதில் வராத விற்பனையாளர்களின் பட்டியலில், கடைசியாக யாரிடம் என்றைக்குப் பேசியது என்பது இருக்க வேண்டும். 20-ஆம் தேதி வரை அதைத் தொடரப் போவது கணக்காளர்தான். வருபவரின் சொந்த லேப்டாப்பில் இருக்கும் நகல்கள் அழிக்கப்பட்டதற்கு அவர் மின்னஞ்சலில் ஒரு வரி எழுத வேண்டும்.

அப்புறம், டேலி பயனர், ஃபோல்டர், மின்னஞ்சல் முகவரி, எனிடெஸ்க் போட்டிருந்தால் அது, கடைசியாக ஸ்டோர்காரர் சேர்த்துவிட்ட அந்த வாட்ஸ்அப் குரூப் என ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். மூடியவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். தாளின் ஒரு நகல் வருபவரிடமும் இருக்கட்டும்.